நோய் இப்போதுதான் தெரிந்தது, காப்பீடு ஏன் இன்னும் வரவில்லை? காத்திருப்புக் காலத்தைக் கணக்கிடும் வழி

எங்கள் குடும்பத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்டபோது, "காத்திருப்புக் காலம் முடியவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தோம். நோய் தெரியவந்ததோ பாலிசி எடுத்து ஓராண்டுக்கும் மேலான பிறகு. அப்படியிருக்க அது எப்படி "முன்பே இருந்த நோய்" ஆகும் என்பது புரியாமல், பாலிசி நகலைப் பக்கம் பக்கமாகப் படித்து, மருத்துவமனைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் மாறிமாறி நடந்துதான் விஷயம் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். எந்த நாட்டில் பாலிசி வைத்திருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். எண்கள் மட்டும் நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பது உங்களுக்குத்தான் பெரிய தேதி. காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது வேறு இரண்டு தேதிகளை: பாலிசி தொடங்கிய நாள், அந்த நோயின் சுவடு முதன்முதலில் எங்காவது பதிவான நாள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

## 1. உங்கள் பாலிசியில் எத்தனை காத்திருப்புக் காலம் இருக்கிறது என்று பாருங்கள்

காத்திருப்புக் காலம் என்று ஒன்றுதான் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் இரண்டோ மூன்றோ இருக்கும். எல்லாமே பாலிசி தொடங்கிய நாளிலிருந்து ஒரே நேரத்தில் ஓடும்.

முதலாவது, தொடக்கக் காத்திருப்பு. இந்தியாவில் இது வழக்கமாக 30 நாள். இந்த நாட்களுக்குள் வரும் எந்த நோய்க்கும் பணம் கிடையாது, விபத்துக்கு மட்டும் உண்டு. சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவதைத்தான் ஆட்கள் கவனிக்காமல் விடுகிறார்கள்: பட்டியலிட்ட நோய்களுக்கான காத்திருப்பு. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், மூட்டு மாற்று போன்றவை இந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். மெதுவாக வளர்பவை, அறுவை சிகிச்சையைத் திட்டமிட்டுத் தள்ளிப்போடக் கூடியவை என்பதால் இவற்றைத் தனியே பிரித்து வைக்கிறார்கள். இந்தப் பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு முன்பே இருந்ததா, நேற்றுதான் வந்ததா என்ற கேள்வியே எழாது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பாலிசி எடுத்தவருக்கும் இது பொருந்தும். பல பாலிசிகளில் இது 24 மாதம்.

மூன்றாவது, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு. இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல் இது அதிகபட்சம் 36 மாதம்தான் இருக்கலாம், அதற்கு முன் 48 மாதம் வரை இருந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவமனைக் காப்பீட்டுக்கு 12 மாதம். அங்கேயும் மனநல சிகிச்சை, மறுவாழ்வு சிகிச்சை, வலிதணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு 2 மாதம் போதும். தென்னாப்பிரிக்காவில் குறிப்பிட்ட நோய்க்கு 12 மாதம் வரை விலக்கி வைக்கலாம். அமெரிக்காவில் 2014 முதல் பெரும்பாலான முழுமையான மருத்துவத் திட்டங்களில் முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டி மறுக்கவே கூடாது. குறுகிய காலத் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவற்றை எங்கே தேடுவது? உங்களுக்கு வந்த காகிதங்களில் இரண்டு முக்கியம். ஒன்று ஷெட்யூல்: உங்கள் பெயர், தொடக்கத் தேதி, காப்பீட்டுத் தொகை, உங்கள் பெயருக்கு நேரே குறிக்கப்பட்ட நோய்கள் எல்லாம் இருக்கும் ஒன்றிரண்டு பக்கங்கள். மற்றொன்று நிபந்தனைகள் அடங்கிய தடித்த ஆவணம். அதில் "விலக்குகள்" என்ற பகுதிக்குப் போனால் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். விளம்பரத் தாளில் இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதில் பட்டியல் முழுதாக இருக்காது.

ஒரே நோய் இரண்டு பகுதிகளிலும் அடங்கினால், எது நீளமோ அதுதான் பொருந்தும். இந்தியப் பாலிசிகளில் இது வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

## 2. "முன்பே இருந்தது" என்பதை உங்கள் பாலிசி எதை வைத்து முடிவு செய்கிறது?

பாலிசியில் இந்த வரையறை உள்ள ஒரு பத்தியை மட்டும் நிதானமாக, வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். மற்ற எல்லாம் இதைச் சார்ந்துதான் இருக்கிறது. பாலிசிகள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களில் ஒன்றைப் பயன்படுத்தும்.

ஒருவகை, மருத்துவரை அளவுகோலாக வைப்பது. இந்தியாவில் இப்போதுள்ள வரையறை இப்படிப்பட்டது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ அவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், அல்லது அவரிடம் அதைப் பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று நடந்திருந்தால்தான் அது முன்பே இருந்த நோய். வெறுமனே வலி இருந்தது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டோம் என்பது மட்டும் இந்த வரையறைக்குள் வராது.

இன்னொரு வகை, அறிகுறியை அளவுகோலாக வைப்பது. ஆஸ்திரேலியாவில் இதுதான். காப்பீட்டில் சேர்ந்த நாளோடு முடியும் 6 மாதத்துக்குள் அந்த நோயின் அடையாளமோ அறிகுறியோ இருந்திருந்தால் போதும். அதை யாரும் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை, நீங்களே அறிந்திருக்க வேண்டியதும் இல்லை. அறிகுறி இருந்ததா என்று முடிவு செய்பவர் காப்பீட்டு நிறுவனம் நியமிக்கும் மருத்துவர். உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் கொடுக்கும் விவரங்களையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். "போன வாரம்தானே தெரிந்தது" என்ற வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான். கட்டியைப் போன வாரம்தான் ஸ்கேனில் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த அளவுக்கு வளர்ந்த கட்டி ஆறு மாதத்துக்கு முன்பே ஏதாவது தொந்தரவு கொடுத்திருக்கும் என்று அந்த மருத்துவர் கருதினால் அது முன்பே இருந்ததாகிவிடும்.

பிரிட்டனில் தனியார் காப்பீட்டில் பரவலாக உள்ள ஒரு முறை இன்னும் நுட்பமானது. முந்தைய 5 ஆண்டுகளில் இருந்த தொந்தரவுகள் எல்லாம் முதலில் விலக்கப்படும். பாலிசி தொடங்கிய பின், அந்த நோய்க்காகத் தொடர்ந்து 2 ஆண்டுகள் அறிகுறியோ சிகிச்சையோ ஆலோசனையோ இல்லாமல் இருந்தால்தான் பிறகு அதற்குப் பணம். நடுவில் ஒருமுறை அதற்காக மருத்துவரைப் பார்த்துவிட்டால் அந்த 2 ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடும். ஆக, தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டிய நோய்க்கு இந்த முறையில் காத்திருப்பு முடியவே முடியாது. அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த முறை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைப் பாலிசி வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

இன்னொரு பொறியும் இந்த வரையறைக்குள் இருக்கிறது. முன்பே இருந்த நோயோடு அதன் நேரடி விளைவுகளும் சேர்ந்தே காத்திருக்கும். சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்லிப் பாலிசி எடுத்தவருக்கு ஓராண்டில் பாதத்தில் ஆறாத புண் வருகிறது. புண் புதியது, சந்தேகமே இல்லை. ஆனால் அது சர்க்கரையால் வந்தது என்று மருத்துவக் குறிப்பில் இருந்தால் சர்க்கரையின் காத்திருப்பே புண்ணுக்கும் பொருந்தும். அதே ஆளுக்கு டெங்கு வந்தால் பொருந்தாது, ஏனென்றால் அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. நிறுவனம் தொடர்பில்லாத ஒன்றைப் பழைய நோயோடு முடிச்சுப் போடுவதும் உண்டு. அப்போது தொடர்பில்லை என்று சிகிச்சை தந்த மருத்துவர் எழுதித் தரும் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று.

## 3. தேதிகளை ஒரே தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 44 வயதுக்காரர் ஒருவரின் பாலிசி 2023 மார்ச் 1-ல் தொடங்குகிறது. தொடக்கக் காத்திருப்பு 30 நாள், பட்டியல் நோய்களுக்கு 24 மாதம், முன்பே இருந்த நோய்க்கு 36 மாதம். பித்தப்பைக் கல் பட்டியலில் இருக்கிறது. வரையறை மருத்துவரை அளவுகோலாக வைப்பது, பின்னோக்கிப் பார்ப்பது 36 மாதம்.

2024 மே மாதம் வயிற்றின் வலது மேல்பக்கம் கடும் வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கல். அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். பாலிசி எடுத்து 14 மாதம் ஆகிவிட்டது, நோய் இப்போதுதான் தெரிந்தது. பணம் வருமா?

தாளில் முதலில் மூன்று முடிவுத் தேதிகளை எழுதுங்கள். தொடக்கக் காத்திருப்பு 2023 மார்ச் மாதத்தோடே முடிந்தது. பட்டியல் காத்திருப்பு 2025 பிப்ரவரி 28-ல் முடியும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 2026 பிப்ரவரி 28-ல் முடியும். பித்தப்பைக் கல் பட்டியலில் இருப்பதால், 2024 மே மாதத்தில் அறுவை செய்தால் பணம் வராது. இந்த மறுப்பு சரியானதுதான். இதை எதிர்த்து முறையிட்டு மாதக்கணக்கில் காலத்தைச் செலவிடுவதில் பயனில்லை.

சரி, மருத்துவர் "இப்போது அவசரமில்லை, உணவில் கவனமாக இருந்தால் சில மாதம் பார்க்கலாம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் மாதம் அறுவைக்குச் சேர்கிறார். இப்போது பட்டியல் கணக்கு தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது அந்தக் கல் முன்பே இருந்ததா என்ற கேள்வி மட்டும்.

அவருக்கு 2022 டிசம்பரிலேயே, அதாவது பாலிசிக்கு மூன்று மாதம் முன்பே, சாப்பிட்டபின் லேசாக வலி வந்து போயிருக்கிறது. மருத்துவரிடம் போகவில்லை. இந்த வரையறைப்படி அந்த வலி மட்டும் கல்லை முன்பே இருந்த நோயாக்காது. பணம் வர வேண்டும். இதே ஆள் அறிகுறியை அளவுகோலாக வைக்கும் பாலிசியில் இருந்தால் நிலைமை தலைகீழ். டிசம்பர் வலி 6 மாதத்துக்குள் வருகிறது, அதனால் முன்பே இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அங்கே காத்திருப்பு 12 மாதம்தான், அது எப்போதோ முடிந்திருக்கும். எந்த வரையறை, எத்தனை மாதம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னும் ஒரு விவரத்தைச் சேர்ப்போம். 2022 ஆகஸ்டில் அவர் முழு உடல் பரிசோதனை செய்திருக்கிறார். வயிற்று ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று வரிசையாக "இயல்பு" என்று எழுதிக்கொண்டே வந்து, பித்தப்பைக்கு நேரே "4 மி.மீ. கல் ஒன்று" என்று ஒரு வரி. யாரும் அதை அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை, கோப்பில் போட்டு வைத்துவிட்டார். இப்போது அது பாலிசிக்கு முன்பே கண்டறியப்பட்ட கல். ஆகஸ்ட் 2022 என்பது 36 மாதத்துக்குள் வருகிறது. எனவே 2025 மார்ச்சிலும் பணம் மறுக்கப்படலாம். 2026 மார்ச் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் "விண்ணப்பத்தில் ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி தனியாக வரும்.

ஒரே நோய், ஒரே ஆள். கோப்பிலிருந்த ஒரு வரி ஓராண்டைத் தள்ளிவிட்டது.

## 4. பழைய காகிதங்களை நிறுவனத்துக்கு முன் நீங்கள் படியுங்கள்

கிளெய்ம் வந்ததும் நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்கும். பாலிசிக்கு முன்னும் பின்னும் இருக்கிற எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள்: மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள், வேலையில் சேரும்போது எடுத்த உடல் தகுதிச் சான்று, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படியுங்கள். முடிவுரைப் பகுதியில் ஒன்றும் இல்லாமல் உள்ளே ஒரு வரி இருப்பது சகஜம்.

இவற்றோடு புரொபோசல் ஃபார்ம் நகலும் வேண்டும். பாலிசி எடுக்கும்போது உடல்நிலை பற்றிக் கேட்ட கேள்விகளும் நீங்கள் தந்த பதில்களும் அதில்தான் இருக்கின்றன. முகவரோ இணையதளமோ நிரப்பியிருந்தால் இதை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று தட்டப்பட்டிருந்தால், நீங்கள் வாயால் சொன்ன ரத்த அழுத்தம் எங்கும் பதிவாகவில்லை என்று பொருள். புதுப் பாலிசியானால் இந்தியாவில் 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரவும் உரிமை உண்டு. அந்த 30 நாளை இந்தச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்துங்கள்.

விடுபட்டது கண்ணில் பட்டால், கிளெய்ம் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் திருத்தமாக, அதாவது என்டார்ஸ்மென்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரீமியம் கூடலாம், புதிய நிபந்தனை வரலாம். இருந்தும் இதைச் செய்வதே நல்லது. காரணம், காத்திருப்பு முடிந்தபின் பணம் கிடைப்பது, நீங்கள் சொல்லி நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான். மறைத்ததாகக் கருதப்படும் நோய்க்குக் காத்திருப்புக் கணக்கே செல்லாது, பாலிசியையே ரத்து செய்யும் நிலை வரலாம். இந்தியாவில் தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்க முடியாது. அதை நம்பி ஐந்து ஆண்டு வாய்மூடி இருப்பது ஆபத்து. நோய் அந்த ஐந்து ஆண்டு பொறுத்துக்கொண்டிருக்காது.

அப்புறம், புதிதாக உருவாகும் காகிதத்தையும் கவனியுங்கள். மருத்துவமனையில் சேரும்போது பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்து "எத்தனை நாளாக வலி?" என்று கேட்பார். வலியில் துடிப்பவரோ கூட வந்தவரோ "ரொம்ப நாளாகவே இருக்கு, ரெண்டு வருஷமா இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். பாலிசி 14 மாதம்தான் ஆகியிருந்தால், "நோயாளியே சொல்லியிருக்கிறார்" என்று அந்த வரியைத்தான் மறுப்புக் கடிதத்தில் மேற்கோள் காட்டுவார்கள்.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. நினைவில் உள்ள உண்மையைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: "முதல்முறை கடும் வலி இந்த மாதம் 6-ம் தேதி. இதற்கு முன் இதற்காக எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை." டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்தாகும் முன் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். கால அளவு தவறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் திருத்திய நகல் வாங்கினால், முதல் நகலும் ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும்.

## 5. கணக்கு மறுபடி தொடங்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலிசி எடுத்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் மறுப்பு வருவதுண்டு. ஏனென்றால் ஏதோ ஒரு இடத்தில் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும்.

காப்பீட்டுத் தொகையை உயர்த்தும்போது உயர்த்திய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாக ஓடும். 5 லட்சத்தை 10 லட்சம் ஆக்கியவருக்குப் பழைய 5 லட்சத்தின் கணக்கு தொடரும். கூடுதல் 5 லட்சத்துக்கு அன்றுதான் முதல் நாள். ஆஸ்திரேலியாவிலும் உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் கூடுதல் பயன்களுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். இதனால் நோய் தெரிந்தபின் தொகையை உயர்த்தினால் அந்த நோய்க்கு உடனே உதவாது.

புதுப்பிக்கத் தவறினால் எல்லாம் போய்விடும். கூடுதல் அவகாசம் கொடுத்திருப்பார்கள், இந்தியாவில் ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள். அதற்குள் கட்டினால் சேர்த்த மாதங்கள் தப்பிக்கும். ஆண்டு பிரீமியம் கட்டுபவருக்குக் கட்டாமல் விட்ட அந்த நாட்களில் வரும் செலவுக்குப் பாதுகாப்பு இருக்காது. அவகாசமும் தாண்டிவிட்டால் புது ஆளாகத்தான் சேர வேண்டும். இதில் இன்னொரு அடியும் உண்டு: பாலிசி ஓடிக்கொண்டிருந்தபோது கண்டறியப்பட்ட நோய், புதிதாகச் சேரும்போது முன்பே இருந்த நோயாகிவிடும்.

நிறுவனத்தை மாற்றுவதென்றால் பாலிசியை நிறுத்திவிட்டுப் புதியது வாங்காதீர்கள், போர்ட் செய்யுங்கள், அதாவது இருக்கும் பாலிசியையே புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் முடித்த மாதங்கள் கூடவே வரும். புது நிறுவனத்தின் ஷெட்யூலில் "முதல் பாலிசி தொடங்கிய தேதி" என்ற இடத்தில் பழைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் காலியாகவோ புதுத் தேதியாகவோ இருந்தால் அன்றே எழுதித் திருத்துங்கள். கிளெய்ம் நேரத்தில் திருத்தச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும்.

குடும்பப் பாலிசியில் பிறகு சேர்க்கப்பட்டவருக்கு அவர் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஷெட்யூலில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் தேதி தனித்தனியாக இருக்கும்.

வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதை முதலில் பாருங்கள். பல குழுப் பாலிசிகளில் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பே இல்லாமல் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. தனிப் பாலிசி மறுக்கும் அறுவையை அங்கே செய்துகொள்ள முடியும். ஆனால் வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதனால் தனிப் பாலிசியின் காத்திருப்பையும் பக்கத்திலேயே ஓடவிட்டு முடித்து வையுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் காத்திருப்பைக் குறைக்கும் இணைப்புகளும் விற்கிறார்கள். எந்தெந்த நோய்க்கு, எத்தனை மாதம் குறையும் என்று எழுத்தில் பார்த்தபின் வாங்குங்கள். பட்டியல் நோய்களின் காத்திருப்பு அதில் குறையாமல் இருப்பதுண்டு.

## 6. திட்டமிட்ட சிகிச்சையானால் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்

அவசரமில்லாத அறுவைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவமனையிலிருந்து இரண்டு விவரங்களை வாங்குங்கள்: நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சையின் பெயர். அவற்றோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்வி ஒன்றுதான்: "என் பாலிசியில் இந்தச் சிகிச்சைக்கு எந்தக் காத்திருப்பு பொருந்தும், அது எந்தத் தேதியில் முடிகிறது?" தொலைபேசியில் "வந்துடும் சார்" என்று சொல்வதை வைத்து அட்மிட் ஆகாதீர்கள். அது எங்கும் பதிவாகாது.

காத்திருப்பு முடியும் தேதிக்கு ஒட்டி நாள் குறிக்காதீர்கள். முடிவதற்கு இரண்டு நாள் முன் சேர்ந்து, முடிந்தபின் டிஸ்சார்ஜ் ஆனால் பணம் வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எந்த நாளைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதில் தகராறு வரும் இடம் அது. ஒரு வாரமாவது தள்ளிச் சேர்வது நல்லது. ஆனால் தள்ளிப்போடலாமா கூடாதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, தாங்க முடியாத வலி என்று வந்துவிட்டால் காப்பீட்டுத் தேதியை மறந்துவிட்டுச் சேருங்கள். அவசரம் என்பதற்காகக் காத்திருப்பு தளர்வதில்லை என்பதையும் மனதில் வைத்து, கையில் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பழைய பதிவுகளைச் சரிபார்க்க நேரமில்லை என்பதாலும் கேஷ்லெஸ்ஸை மறுப்பார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, எல்லா அசல் ரசீதுகளோடும் பிறகு திரும்பக் கேட்கலாம். அதற்கான கெடுவைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் நாளிலிருந்து எண்ணப்படும் அந்தக் கெடு பல பாலிசிகளில் குறுகியது.

## 7. மறுப்புக் கடிதம் வந்தால் எந்தக் காரணத்துக்காக என்று பிரித்துப் பாருங்கள்

கடிதத்தில் பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்டு முதலில் எழுதுங்கள். பிரிவு தெரிந்ததும் வேலை எளிது.

பட்டியல் நோய் என்று மறுத்திருந்தால், உங்கள் நோய் உண்மையில் பட்டியலில் இருக்கிறதா, முதல் பாலிசித் தேதி சரியாக எடுக்கப்பட்டதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். விபத்தால் வந்த சிகிச்சையானால் அதையும் சொல்லுங்கள். இந்தக் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. இரண்டும் சரியாக இருந்தால் முறையீட்டில் நேரத்தைப் போக்காமல் வேறு வழி தேடுங்கள்.

முன்பே இருந்த நோய் என்று மறுத்திருந்தால் அதை எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நகலும் கேளுங்கள். வெறும் ஊகமாக, "இந்த நோய் இவ்வளவு சீக்கிரம் வராது" என்று மட்டும் இருந்தால், மருத்துவரை அளவுகோலாக வைக்கும் வரையறையில் அது போதாது. அப்போது உங்கள் மருத்துவரிடம் மூன்று விஷயம் அடங்கிய கடிதம் வாங்குங்கள்: முதல்முறை இந்த நோய்க்காக அவரிடம் வந்த தேதி, அன்று சொன்ன அறிகுறிகள், நோயை உறுதி செய்த பரிசோதனையின் தேதி. அவர் பதிவேட்டில் இல்லாத எதையும் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு தேதி பொய்யானால் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

இந்தக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இந்தியாவில் ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் புகார்களைக் காமன்வெல்த் ஒம்புட்ஸ்மேன் இலவசமாக விசாரிக்கிறார். மறுப்புக் கடிதம், பாலிசி ஷெட்யூல், புரொபோசல் நகல், மருத்துவர் கடிதம், மூன்றாவது படியில் நீங்கள் தேதி எழுதிய தாள் ஆகியவற்றை அதே வரிசையில் இணையுங்கள். படிப்பவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தேதிகளைப் பார்த்துவிட வேண்டும்.

கிளெய்ம் மறுக்கப்பட்ட கோபத்தில் அந்தப் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். 14 மாதம் ஓடியிருந்தால் இன்னும் 22 மாதம்தான் பாக்கி. விட்டுவிட்டு வேறு எங்கு போனாலும், இப்போது கண்டறியப்பட்டுவிட்ட அதே நோய்க்கு முழு 36 மாதமும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டிவரும்.